மூலதனம் திரும்பும் ஆன்யூட்டி: ஏஜென்ட் சொல்லாத பாதிக் கணக்கு

கேள்வி: அப்பாவுக்கு 60, தனியார் வேலையிலிருந்து ஓய்வு. பிஎஃப், கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 80 லட்சம். இபிஎஃப் பென்ஷன் மாதம் 4,000தான். அம்மாவுக்கு 56. மொத்தத்தையும் எல்ஐசி ஆன்யூட்டியில் போடச் சொல்கிறார் ஏஜென்ட். "சாகும்வரை பென்ஷன், அப்புறம் போட்ட பணம் அப்படியே பிள்ளைகளுக்கு" என்கிறார். போடலாமா?

பதில்:

மொத்தத்தையும் போட வேண்டாம். போடும் பகுதியையும் ஏஜென்ட் காட்டும் வகையில் போட வேண்டாம். 15 லட்சம் அளவுக்கு இப்போது ஒன்று, ஏழெட்டு வருடம் கழித்து இன்னொன்று, இரண்டும் அப்பா அம்மா இருவர் பெயரிலும், மூலதனம் திரும்பாத வகையில். உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. காரணம் கீழே.

முதலில் ஆன்யூட்டி என்பது என்ன வியாபாரம் என்று பார்த்துவிடலாம். ஒரு பெரிய தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரே தடவையில் கொடுக்கிறீர்கள். அவர்கள் ஆயுள் முழுக்க ஒரு நிலையான தொகை தருவதாக எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த விகிதம் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடும். அடுத்த வருடம் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் தொகை மாறாது. எல்ஐசியின் ஜீவன் அக்ஷய் VII திட்டத்தில் மட்டும் ஏ முதல் ஜே வரை பத்து வகை உண்டு. நீங்கள் யோசிக்க வேண்டியவை நான்கு. ஏ என்பது ஒருவர் ஆயுள்வரை மட்டும் வருவது. அவர் போனால் எல்லாம் முடிந்தது. எஃப் என்பதும் ஒருவருக்குத்தான், ஆனால் அவர் இறந்தபின் போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பும். ஐ வகையில் கணவன் மனைவி இருவரில் யார் இருந்தாலும் அதே தொகை வரும், மூலதனம் திரும்பாது. ஜே வகையில் இருவருக்கும் வந்து, கடைசியில் மூலதனமும் திரும்பும். ஏஜென்ட் காட்டியிருப்பது எஃப் அல்லது ஜே.

விகிதங்கள் அடிக்கடி மாறுபவை. ஆகவே கணக்குக்காக உருண்டையான எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் வரும் கொட்டேஷனை வைத்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 60 வயதுக்காரர் 10 லட்சம் போட்டால் ஏ வகையில் வருடம் 80,000, எஃப் வகையில் 66,000 என்று வைப்போம்.

80,000 என்றதும் எல்லோரும் "8 சதவீத வட்டி" என்று படித்துவிடுகிறார்கள். அது வட்டி இல்லை. அதில் ஒரு பகுதி வட்டி, ஒரு பகுதி உங்கள் சொந்தப் பணமே தவணையாகத் திரும்பி வருவது. உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்பது எத்தனை வருடம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 75 வயதில் போய்விட்டால் அந்த 10 லட்சம் சம்பாதித்தது வருடத்துக்கு 2.4 சதவீதம் மாதிரிதான். 80 வரை இருந்தால் 5 சதவீதம். 90 வரை இருந்தால் 6.9. 95ஐத் தொட்டால் 7.3. இளமையில் எடுக்கும் டெர்ம் பாலிசியைத் தலைகீழாகப் போட்டது போல. டெர்ம் பாலிசி சீக்கிரம் போகிறவர் வீட்டுக்கு உதவும். ஆன்யூட்டி நெடுநாள் இருக்கிறவருக்கு உதவும்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அதே 10 லட்சத்தை நீங்களே 6.5 சதவீதத்தில் வைத்துக்கொண்டு வருடம் 80,000 எடுத்துக்கொண்டே வந்தால் 26 வருடம் ஓடும். 27ஆம் வருடத்தில் காலி. அதாவது அப்பாவுக்கு 86 வயது முடிகிறவரை ஆன்யூட்டியும் சொந்தக் கணக்கும் கையில் ஒரே தொகையைத் தருகின்றன. இடையில் போனால் சொந்தக் கணக்கில் மீதி இருக்கும், ஆன்யூட்டியில் இருக்காது. 86ஐத் தாண்டினால் சொந்தக் கணக்கு வற்றிவிடும், ஆன்யூட்டி வந்துகொண்டே இருக்கும். நிறுவனத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், 70இலும் 75இலும் போனவர்கள் விட்டுச் சென்ற மிச்சத்திலிருந்து. 86க்குப் பிறகும் வரும் அந்தப் பணத்துக்காகத்தான் ஆன்யூட்டி வாங்குகிறோம். வேறு எந்த டெபாசிட்டும் அதைத் தராது.

இப்போது ஏஜென்ட் சொல்லும் எஃப் வகைக்கு வருவோம். இங்கே யாரும் எதையும் விட்டுச் செல்வதில்லை. எல்லோருடைய மூலதனமும் அவரவர் வாரிசுக்குத் திரும்பிவிடுகிறது. அப்படியானால் நெடுநாள் இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க நிறுவனத்திடம் எதுவும் இல்லை. எஞ்சுவது என்ன? 10 லட்சத்துக்கு வருடம் 66,000 வட்டி, கடைசியில் அசல். முடிவு தேதி தெரியாத ஒரு நீண்ட டெபாசிட், அவ்வளவுதான்.

இதற்கு ஈடான சரக்கு ஒன்று வெளியிலேயே கிடைக்கிறது: மத்திய அரசின் நீண்டகாலக் கடன் பத்திரம். 30 வருடம், 40 வருடம் என்றுகூட உண்டு. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெயில் டைரக்ட் கணக்கில் 10,000 ரூபாயிலிருந்து நேரடியாக வாங்கலாம். கணக்குத் திறக்கவும் பராமரிக்கவும் கட்டணம் இல்லை. அதன் ஈட்டம் சமீப வருடங்களில் பெரும்பாலும் 7 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. 10 லட்சத்துக்கு வருடம் 70,000, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். 60 வயதில் 40 வருடப் பத்திரம் வாங்கினால் 100 வயதுவரை விகிதம் கட்டிப் போட்டாயிற்று. இடையில் போனால் பத்திரம் வாரிசு பெயருக்கு மாறும். எஃப் வகை ஆன்யூட்டி தருவது இதைத்தான், கொஞ்சம் குறைத்து. அதற்காக எஃப் வகை ஏமாற்று என்று சொல்லவில்லை. பத்திரம் வாங்க இணையக் கணக்கு வேண்டும், அவசரத்துக்கு விற்கப் போனால் அன்றைய விலைதான் கிடைக்கும், 80 வயதில் இதையெல்லாம் கவனிக்க ஆள் வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்பவர் வருடம் 4,000 குறைவாக வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அது நெடுநாள் வாழ்வதற்கான காப்பீடு என்று நினைத்து வாங்கக் கூடாது.

"அப்படியே திரும்ப வரும்" என்ற 10 லட்சத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 25 வருடம் கழித்து வரும் 10 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 2.3 லட்சம். அதற்காக அப்பா வருடா வருடம் விட்டுக்கொடுப்பது 14,000. அந்த 14,000ஐ ஏ வகையில் வாங்கி வருடந்தோறும் 6.5 சதவீதத்தில் சேர்த்துவந்தால் 28 வருடத்தில் 10.4 லட்சம் ஆகிவிடும். ஆகவே 87, 88 வயதுக்கு முன் போனால் எஃப் வகை வாரிசுக்கு லாபம். அதன்பின் ஏ வகைதான் லாபம். யாருக்காக இந்தப் பணம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெற்றோரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் என்றால் எஃப் வகையில் அர்த்தம் குறைவு. பிள்ளைகளுக்கு என்றால் ஆன்யூட்டியே தேவையில்லை.

அடுத்தது உங்கள் அம்மா. இந்த விஷயத்தில் வரும் தவறுகளில் ஆகக் கொடுமையானது இதுதான். விகிதம் அதிகம் என்று ஏ வகையை அப்பா பெயரில் மட்டும் எடுத்துவிடுவார்கள். நாமினியாக அம்மா பெயர் இருக்கும். ஆகவே பென்ஷன் அம்மாவுக்குத் தொடரும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஏ வகையில் நாமினிக்கு வர எதுவுமே இல்லை, அப்பாவோடு நின்றுவிடும். எஃப் வகையிலும் நாமினிக்கு வருவது மூலதனம் மட்டும். அதை வைத்து அம்மா அன்றைய வட்டியில் புதிதாக ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாமினி வேறு, இரண்டாம் ஆயுளாகச் சேர்க்கப்படுபவர் வேறு. பாலிசிப் பத்திரத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் இரண்டாவது ஆன்யூட்டி பெறுபவர் என்ற இடத்தில் இருக்க வேண்டும்.

அம்மா நான்கு வயது இளையவர், பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நெடுநாள் இருப்பவர்கள். ஆகவே இந்தப் பணம் 30 வருடத்துக்கு மேல் ஓட வேண்டியிருக்கலாம். இபிஎஃப் பென்ஷனும் அப்பாவுக்குப் பின் பாதியாகும். 4,000 என்பது 2,000. இதனால்தான் ஐ வகை. விகிதம் 7.3 சதவீதம் போல வரும் என்று வைக்கிறேன். எச் என்று இன்னொரு வகை உண்டு. அதில் அப்பாவுக்குப் பின் அம்மாவுக்குப் பாதிதான். ஒருவர் குறைந்தால் செலவு பாதியாகக் குறைவதில்லை. வாடகை, மின்சாரம், வேலைக்கு வருபவர் சம்பளம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். எச் வேண்டாம்.

இனி 80 லட்சத்தைப் பிரிப்போம். செலவை நீங்கள் சொல்லவில்லை. ஆகவே அரிசி, மருந்து, மின்சாரம், போன், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் என்று தவிர்க்கவே முடியாதவை மாதம் 30,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு, தபால் நிலையத்திலோ வங்கியிலோ. ஒருவருக்கு உச்ச வரம்பே அவ்வளவுதான். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500 வரும், மாதக் கணக்கில் 20,500. கணக்குத் தொடங்கும் நாளின் வட்டி ஐந்து வருடமும் மாறாது. பிறகு மூன்று வருடம் நீட்டிக்கலாம், அப்போது அன்றைய வட்டி. அம்மாவைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தால் அப்பாவுக்குப் பிறகும், அன்றைக்கு அவருக்கும் இந்தத் திட்டத்துக்கான தகுதி இருந்தால், முதிர்வுவரை அவர் தொடரலாம். ஆன்யூட்டி எதுவும் 60 வயதில் அசலையும் வைத்துக்கொண்டு இந்த வட்டியைத் தராது. ஆகவே இதை நிரப்பாமல் ஆன்யூட்டி பக்கமே போகக் கூடாது. ஏஜென்ட் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்.

பென்ஷன் 4,000, இது 20,500, ஆக 24,500. குறைவது 5,500. இதற்கு 15 லட்சத்தை ஐ வகை ஆன்யூட்டியில் போட்டால் வருடம் 1,09,500, மாதத்துக்கு 9,000 சொச்சம். மொத்தம் 33,500ஐ ஒட்டி வந்துவிடும். மாதத் தவணையாகக் கேட்டால் வருடத் தொகையை 12ஆல் வகுப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தருவார்கள். சீக்கிரம் கொடுப்பதற்கான கழிவு அது. வருடத் தவணை கேட்டால் தொகை கூடும், ஆனால் முதல் பணம் ஒரு வருடம் கழித்துத்தான் வரும். சமையல் செலவுக்கு மாதத் தவணையே சரி.

மீதி 35 லட்சம். அதில் 5 லட்சம் வங்கியில் எந்த நேரமும் எடுக்கிற மாதிரி. 30 லட்சத்தை வளர விடுங்கள். பாதி அரசுப் பத்திரம் அல்லது டெபாசிட், பாதி இண்டெக்ஸ் ஃபண்ட் போல. பயணம், கல்யாணம், பல் வைத்தியம் எல்லாம் இதிலிருந்துதான். அப்பாவுக்கு 68 ஆகும்போது இதில் 15 லட்சத்தை எடுத்து இரண்டாவது ஆன்யூட்டி வாங்கலாம்.

ஏன் இப்போதே சேர்த்து வாங்கக் கூடாது? வயது ஏற ஏற விகிதம் ஏறுகிறது. 60இல் 8 தருகிற ஏ வகை 70இல் 10ஐ ஒட்டித் தரும். நிறுவனம் கொடுக்க வேண்டிய வருடங்கள் குறைகின்றனவே. ஐ வகை 68இல் 8 சதவீதம் தந்தால் 15 லட்சத்துக்கு மாதம் 10,000. இன்னொரு காரணம் விலைவாசி. இன்று வாங்கும் ஆன்யூட்டி இன்றைய ரூபாயிலேயே நின்றுவிடும். 6 சதவீத விலைவாசியில் இன்றைய 9,000 ரூபாயால் 20 வருடம் கழித்து வாங்க முடிவது இன்றைய 2,800 ரூபாய்ச் சரக்குத்தான். அன்றைக்குக் கைகொடுக்க வளர்ந்த பணம் வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: எட்டு வருடத்தில் நாட்டின் வட்டி விகிதமே இறங்கிவிட்டால், வயதால் ஏறுவதில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பாதி இப்போது, பாதி அப்புறம் என்பது அதனால்தான்.

"ஏறும் பென்ஷன் வகையும் இருக்கிறதே" என்று ஜி வகையைக் காட்டுவார்கள். வருடம் 3 சதவீதம் ஏறும், உண்மைதான். ஆனால் அது தனி வட்டி மாதிரி ஏறுவது, கூட்டு வட்டி மாதிரி இல்லை. ஒவ்வொரு வருடமும் முதல் வருடத் தொகையின் 3 சதவீதம்தான் சேரும். தொடக்கமும் தாழ்வு. 10 லட்சத்துக்கு 64,000இல் தொடங்கி வருடம் 1,920 ஏறினால், ஏ வகையின் 80,000ஐ அது தாண்டுவது பத்தாவது வருடம். அதுவரை குறைவாக வாங்கியதை ஈடுகட்டி மொத்தத்தில் முந்துவது 18ஆம் வருடம், அப்பாவுக்கு 78ஐத் தொடும்போது. போதாக்குறைக்கு இது ஒருவர் ஆயுளுக்கு மட்டும். உங்களுக்கு ஆகாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்யூட்டியாக வரும் தொகை முழுவதும் வருமானம். அதில் பாதி உங்கள் சொந்த அசல் என்றாலும் வருமான வரித்துறைக்கு அந்த வேறுபாடு கிடையாது. சம்பளக்காரர், அரசு ஓய்வூதியர் ஆகியோருக்கு வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலைக்கழிவு, சொந்தப் பணத்தில் வாங்கிய ஆன்யூட்டிக்குப் பொருந்தாது. 30 சதவீத வரியில் இருப்பவருக்கு இது பெரிய அடி. உங்கள் அப்பாவுக்கு மேலே சொன்ன மூன்றும் சேர்ந்தே வருடம் 4 லட்சம்தான். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. ஜிஎஸ்டியும் இப்போது இல்லை. முன்பு ஆன்யூட்டி வாங்கும் தொகையில் 1.8 சதவீதம் போனது. தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. யாராவது 15 லட்சத்துக்கு 27,000 சேர்த்துக் கேட்டால் பழைய கணக்கைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

வாங்கும்போது எல்ஐசியோடு நில்லாமல் இன்னும் இரண்டு நிறுவனங்களிடம், ஒரே நாளில், ஒரே வகைக்கு, ஒரே பிறந்த தேதிகளைக் கொடுத்துக் கொட்டேஷன் வாங்குங்கள். வகை மாறினால் ஒப்பிடவே முடியாது. ஒருவர் ஏ வகையையும் இன்னொருவர் ஜே வகையையும் காட்டிவிட்டு "பார்த்தீர்களா வித்தியாசம்" என்பது நடக்கிற காரியம். நேரடியாக இணையத்தில் வாங்கினால் விகிதம் சற்றுக் கூடும். பெரிய தொகைக்கும் சிறு ஊக்கம் உண்டு.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைக்காமல் அன்றே நான்கு இடங்களைப் பாருங்கள்: எந்த வகை, இரண்டாம் ஆயுளாக அம்மா பெயர், இருவரின் பிறந்த தேதி, தவணை மாதமா வருடமா. ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி என்று இருந்தால் வாங்கும் முன்பே சரிசெய்யுங்கள். விகிதமே வயதை வைத்துத்தான். தவறு இருந்தால் பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. அந்தக் கெடு தாண்டினால் ஐ வகையில் வெளியேற வழியே இல்லை. எஃப், ஜே வகைகளில் சரண்டர் உண்டு, போட்டது முழுதாக வராது.

அதன்பின் இருப்பது ஒரே வேலை, உயிர்வாழ் சான்று. நிறுவனம் கேட்கும் காலத்துக்குள் அது போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுவிடும். கொடுத்ததும் நிலுவையோடு வரும். முதியவர்களுக்குக் கைரேகை தேய்ந்து பதிவாகாமல் போவது சகஜம், ஆகவே முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதியை அப்பாவின் போனில் இப்போதே ஒருமுறை செய்து பழக்கிவிடுங்கள். பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் அப்பா அம்மா இருவர் பெயரிலும் இருக்கட்டும்.